உச்சிப்புளிப் பட்டறையில் ஒரு மஞ்சள் விளக்கு

தங்கச்சிமடத்திலிருந்து புறப்பட்டுப் பாம்பன் பாலத்தின் பாதியைக் கடந்தபோது, வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. பயந்துபோய் அங்கேயே காரை ஓரங்கட்டினேன். பின்னால் வந்த பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டே விலகிச் சென்றது. உச்சிப்புளிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோதும் என் கைநடுக்கம் நிற்கவில்லை.

“அண்ணே, நாளை அதிகாலையில் அப்பாவைக் கண் அறுவைக்காக மதுரைக்கு அழைத்துப் போக வேண்டும். எஞ்சின் போய்விட்டதா?”

“பதற்றப்படாதீர்கள், டீச்சர். விளக்கு எரிந்துகொண்டே இருந்ததா, விட்டுவிட்டு மின்னியதா? வண்டி இழுக்கத் தடுமாறியதா?”

“எரிந்துகொண்டேதான் இருந்தது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.”

“அப்படியென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. சிவப்பு விளக்கு வந்தால் அந்த நேரம் கிடையாது, வித்தியாசமே அதுதான். ‘ஏதோ ஒன்று சரியில்லை, சீக்கிரம் பட்டறைக்குக் கொண்டுபோ’ என்று மஞ்சள் சொல்கிறது. ‘இப்போதே நிறுத்து’ என்று சிவப்பு சொல்கிறது. நீங்கள் இன்று செய்ததில் ஆபத்தானது எதுவென்றால், காற்றடிக்கும் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தியதுதான். இறங்கி மண்டபம் பக்கம் வந்து நிறுத்தியிருக்கலாம்.”

“எங்கள் சித்தப்பாவின் வேன் தனுஷ்கோடிச் சாலையில் நின்றுபோனபோது நானும் அதில் இருந்தேன். விளக்கு எரிகிறது என்று அவரிடம் சொன்னேன். ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். எஞ்சினே இறுகிவிட்டது.”

“அது எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்காக இருந்திருக்கும். ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டால் உள்ளே ஓடும் உலோகப் பாகங்களுக்கு நடுவே எண்ணெய்ப் படலம் நிற்காது. இரும்போடு இரும்பு உரசிச் சில நிமிடங்களிலேயே எல்லாம் கெட்டுப்போகும். அந்த விளக்கு வந்தால் ஒதுங்க இடம் பார்த்து உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வெப்பமானி படமும் அப்படித்தான். நிறுத்தி ஆறவிட வேண்டும், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அதற்கு மேல் ஓட்டவே கூடாது.”

பேசிக்கொண்டே ஸ்டீயரிங்கின் கீழே இருந்த செருகுவாயில் ஸ்கேனரைப் பொருத்தினார். திரையில் P0135 என்று வந்தது.

“புகைபோக்கிக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் குறை என்கிறது. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் எரிகின்றனவா என்று பார்த்துச் சொல்வது அந்தச் சென்சார்தான். அது சரியாகச் சூடாகாவிட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், புகை கெடும். ஆனால் எஞ்சின் உடனே உடையாது. அதனால்தான் மஞ்சள்.”

பானெட்டைத் திறந்து, சென்சாரின் இணைப்பைக் கழற்றி என் முன் நீட்டினார். நான்கு ஊசிகளில் ஒன்றின் மேல் பச்சைப் பொடி பூத்திருந்தது.

“பார்த்தீர்களா? இது உப்புக்காற்றின் வேலை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் பக்கத்து வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.”

மீட்டரை வைத்துச் சென்சாரைச் சோதித்தார். அதன் சூடேற்றும் கம்பி அறுபடவில்லை. ஸ்ப்ரே அடித்து ஊசிகளைத் தேய்த்துத் துடைத்து, இணைப்பை மீண்டும் மாட்டி, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்தார்.

“விட்டுவிட்டு மின்னியதா என்று கேட்டீர்களே, அது ஏன், அண்ணே?”

“மஞ்சளிலும் அது ஒன்று அவசரமானது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் வெளியே போகும் வழியில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதைப் பொசுக்கிவிடும். புதியதின் விலையைக் கேட்டால் மனம் வலிக்கும். அப்படி மின்னினால் உடனே வேகத்தைக் குறைத்து, பக்கத்திலுள்ள பட்டறைக்கு மெதுவாகப் போங்கள். நின்று எரியும் மஞ்சளையும் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், புதிதாக வேறொரு குறை சேர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.”

பிறகு என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார்.

“எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஒரு நிலை திருப்புங்கள். எல்லா விளக்குகளும் எரிகின்றனவா? தினமும் இதைப் பாருங்கள். அந்த நேரத்தில் எண்ணெய் விளக்கு எரியவில்லை என்றால் அதன் பல்போ கம்பியோ கெட்டிருக்கிறது; பிறகு உண்மையிலேயே ஆயில் அழுத்தம் விழும்போது அது உங்களை எச்சரிக்காது. இப்போது இயக்குங்கள்.”

சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சளும் அணைந்தது. டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்பதைக் காட்டினார்.

“மதுரை போகும் வழியில் மஞ்சள் மறுபடியும் வந்தால்?”

“நின்று எரிந்தால் ஓட்டிப் போங்கள், அப்பாவின் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். திரும்பி வந்ததும் இங்கே கொண்டுவாருங்கள், சென்சாரை மாற்றிவிடலாம். சிவப்பு வந்தால் மட்டும், பரமக்குடியாக இருந்தாலும் மானாமதுரையாக இருந்தாலும், ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். அப்பாவை வேறு வண்டியில் ஏற்றி அனுப்ப நான் ஏற்பாடு செய்கிறேன்.”