படைத்தலும் மறத்தலும்: முன்னோர் வழிபாடு குறித்த மூன்று கட்டுரைகளுக்கான அமர்வு முன்மொழிவு

மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவுக்கு,

வரும் டிசம்பர் மாநாட்டில் ‘சடங்கும் சமூகமும்’ பிரிவின் கீழ் தொண்ணூறு நிமிட அமர்வு ஒன்றைக் கோரி இதை அனுப்புகிறோம். பெயர் மறைத்த மதிப்பீடு என்று அழைப்பில் சொல்லியிருப்பதால், கட்டுரையாளர்களின் பெயர், பணியிட விவரங்களைத் தனி உறையில் வைத்திருக்கிறோம். மூன்று கட்டுரைகளும் தமிழில் வாசிக்கப்படும்.

அமர்வின் கேள்வி

தமிழில் ‘படைத்தல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். உண்டாக்குவதும் படைத்தல்தான், இலை போட்டுச் சோறு வைத்துக் கும்பிடுவதும் படைத்தல்தான். இந்த அமர்வு அந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. ஒருவர் இறந்துவிட்டார் என்பதாலேயே முன்னோர் ஆகிவிடுவதில்லை. யாரோ அவருக்குச் சமைக்கிறார்கள், துணி எடுக்கிறார்கள், பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அப்படித்தான் அவர் முன்னோர் ஆகிறார். அந்த வேலை நின்றுபோனால்?

முன்னோர் வழிபாட்டைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி நினைவைப் பற்றியது. மறதியைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. ஆனால் எந்தச் சமூகமும் இறந்தவர் எல்லாருக்கும் என்றென்றைக்கும் படைத்துக்கொண்டிருக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும். எத்தனையாவது தலைமுறையில் போடுவது, யார் போடுவது, கோட்டுக்கு வெளியே விழுந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதே எங்கள் கேள்வி. நெல்லைச் சீமை, தென் கொரியா, மடகாஸ்கர் உள்நாட்டு மேட்டுநிலம் என்று மூன்று இடங்களை எடுத்திருக்கிறோம். மூன்றிலும் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றிலும் அது வேறுவேறு ஆட்கள் கையில் இருக்கிறது.

கட்டுரை 1: பெயரில்லாத கன்னிக்குப் புதுச் சேலை

தர்ப்பணம் செய்பவர்கள் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். புதிதாக இறந்தவரை அந்த வரிசையில் சேர்க்கும்போது, மேலே இருப்பவர் ஒரு படி நகர்ந்து தனிப் பிண்டம் பெறும் இடத்தை இழக்கிறார். கணக்கு கறாரானது. பிள்ளை பெறாமல் இறந்தவர்களுக்கு இதில் சொந்தமாக ஓர் இடம் கிடையாது. மகாளய பட்சத்தில் ‘காருண்ய பித்ருக்கள்’ என்று ஓர் ஓரம் ஒதுக்குவார்கள், அவ்வளவுதான்.

தர்ப்பணமே இல்லாத வீடுகள்தான் தமிழ்நாட்டில் அதிகம். அங்கே கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. திருமணமாகாமல் இறந்த பெண்ணைத் தென் மாவட்டங்களில் ‘கன்னி’ என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுகிறார்கள். ஓலைப்பெட்டியிலோ மரப்பெட்டியிலோ ஒரு சேலை இருக்கும். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் கன்னிக்குத்தான் துணி எடுக்க வேண்டும். கட்டுரையாளர் தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில், பல சாதி வீடுகளில், இரண்டு ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளைத் தேடிப் போயிருக்கிறார். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ‘எங்க தாத்தாவுக்கு அத்தை’ என்பார்கள். அடுத்த வீட்டில் ‘அதுக்கும் முன்னால’. பெயர் போய்விட்டது, வயது போய்விட்டது, எப்படிச் செத்தாள் என்பதும் போய்விட்டது. சேலை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மூதாட்டி சொன்னதைக் கட்டுரை தன் மையமாக எடுத்துக்கொள்கிறது: “பேரு எதுக்குய்யா, அவளுக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியும்.”

இதற்கு எதிர்முனையில் கட்டுரை வைப்பது தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களை. தமிழ் பிராமி எழுத்தில் உள்ள அவற்றுள் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவனின் பெயரைச் சொல்கிறது. ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு எடுத்த கல் அது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல் எடுப்பதற்குத் துறை வகுத்திருக்கிறது. பெரும்படை என்பதிலும் படையல்தான் ஒளிந்திருக்கிறது. இன்று அந்தவனுக்குப் பெயர் இருக்கிறது, படைக்க ஆளில்லை. கன்னிக்குப் படையல் இருக்கிறது, பெயரில்லை. இவர்களில் யாரை ‘நினைவில் இருப்பவர்’ என்று சொல்வது?

(அமர்வை ஒருங்கிணைக்கும் எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. எங்கள் வீட்டுப் பெட்டியை 1990-களில் வீடு மாறும்போது தொலைத்தோம். அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கெட்டதுக்கும் என் ஆச்சி அதையே காரணம் சொன்னார்.)

கட்டுரை 2: நான்கா, இரண்டா? கொரியாவில் முன்னோரை எண்ணிய அரசு

கோடு போட்டது அரசே என்ற கதை இது. கொரியாவை முன்பு ஆண்ட சோசன் அரசின் சட்டத்தொகுப்பான ‘கியோங்குக் தேஜோன்’ ஆறாம் நிலைக்கு மேற்பட்ட அதிகாரிகள் மூன்று தலைமுறைக்கும், அதற்குக் கீழானவர்கள் இரண்டு தலைமுறைக்கும், சாதாரண மக்கள் பெற்றோருக்கு மட்டும் படைக்கலாம் என்று வகுத்தது. அதாவது முன்னோர் எத்தனை பேர் என்பதே அந்தஸ்தின் அளவு. சீனக் கன்பூசிய அறிஞர் சூ ஸியின் குடும்பச் சடங்கு நூலைப் பின்பற்றி நான்கு தலைமுறைக்குப் படைப்பது பின்னால் பொது வழக்கமாகப் பரவியது. தாங்களும் உயர்ந்தவர்கள்தான் என்று எல்லாரும் காட்ட விரும்பினார்கள் என்று இதைக் கட்டுரையாளர் வாசிக்கிறார். ஐந்தாம் தலைமுறைக்குப் போனவரின் பெயர் எழுதி வீட்டில் வைத்துப் படைத்துவந்த பலகையைக் கல்லறையருகே புதைத்துவிட்டு, ஆண்டுக்கொரு முறை குலத்தார் கூடிக் கல்லறையில் மட்டும் படைப்பார்கள்.

இந்தப் பலகைக்காக உயிரே போயிருக்கிறது. கத்தோலிக்கத்துக்கு மாறிய யுன் ஜி-சுங் தன் வீட்டுப் பெயர்ப்பலகைகளை எரித்ததற்காக 1791-இல் ஜியோன்ஜுவில் கொல்லப்பட்டார். பிறகு 1939-இல் ரோம் இத்தகைய மரியாதைகள் சமூக வழக்கம்தான் என்று ஏற்றுக்கொண்டது. ‘வழிபாடா, மரியாதையா’ என்ற வாதத்தை ஏட்டில் மட்டும் நடக்கும் ஒன்றாக நினைப்பவர்களுக்கு இந்த நூற்றைம்பது ஆண்டுகளை நினைவூட்டலாம்.

1969-இல் அரசு வெளியிட்ட குடும்பச் சடங்கு நெறிமுறை, செலவைக் குறைக்கும் நோக்கத்தில், இரண்டு தலைமுறை போதும் என்றது. மரபான வீடுகள் அதைப் பெரிதாகச் சட்டைசெய்யவில்லை. கட்டுரையின் கூர்மையான பகுதி இதற்குப் பிந்தையது. குலச் சங்கத்தில் பெண்களும் உறுப்பினர்களே என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சடங்கை நடத்தும் உரிமையில் மூத்த மகனுக்கு முன்னுரிமை என்ற நிலைப்பாட்டை 2023 மே மாதம் கைவிட்டு, ஆண் பெண் பேதமின்றி நெருங்கிய வாரிசுகளில் மூத்தவருக்கு அதைக் கொடுத்தது. சரி, உரிமை வந்துவிட்டது. அடுப்படி? சூசொக் பண்டிகைப் படையலுக்குச் சமைக்கும் வேலை வழக்கமாக மருமகள்களின் தலையில் விழுகிறது, அதுவும் கணவனின் முன்னோர்களுக்காக. கன்பூசிய மரபின் தலைமையிடமான சொங்க்யுன்குவான் 2022-இல், எண்ணெயில் பொரித்த பண்டங்கள் தேவையில்லை, ஒன்பது வகை போதும் என்று அறிவித்ததைக் கட்டுரையாளர் தீர்ப்புகளுக்குச் சமமான ஆவணமாக எடுத்துக்கொள்கிறார். எங்களுக்கும் அது சரியாகவே படுகிறது. கட்டுரையாளர் சியோலில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர். கொரிய மூலங்களை நேரடியாக வாசிக்கிறார்.

கட்டுரை 3: துணி சுற்றிச் சுற்றி. ஃபமதிஹானாவும் கல்லறை இல்லாதவர்களும்

மடகாஸ்கரின் மெரினா, பெட்சிலியோ மக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், குடும்பக் கல்லறையைத் திறந்து உடல்களை வெளியே எடுக்கிறார்கள். இந்தச் சடங்குதான் ஃபமதிஹானா. நாள் குறிப்பவர் ஜோசியர். கொழுப்பு மிதக்கும் பன்றிக்கறியும் சோறும், வாத்தியம், ஆட்டம் எல்லாம் உண்டு. உடல்களுக்கு ‘லம்பமேனா’ என்னும் புதுத் துணி சுற்றித் தோளில் தூக்கி ஆடுகிறார்கள். பழைய பாயின் துண்டைப் பெண்கள் பிள்ளை வரம் வேண்டி எடுத்துப் போகிறார்கள். சுற்றுலாப் பதிவுகள் இத்துடன் நின்றுவிடும்.

கட்டுரை கவனிப்பது துணிக்குள்ளே நடப்பதை. ஒவ்வொரு முறையும் எலும்பு பொடியாகிக் குறைகிறது. பழைய உடல்கள் சிலவற்றைச் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டுகிறார்கள். பொதி சேரும்போது பெயரும் சேர்ந்து கரைகிறது. நினைவுச் சடங்கு என்று சொல்லப்படும் இதுவே மறக்கும் கருவியாகவும் இருக்கிறது என்று மானிடவியலாளர் டேவிட் கிரேபர் 1995-இல் வாதிட்டார். கட்டுரை அதை ஒப்புக்கொண்டு, ஒரு படி மேலே போகிறது. மறக்கப்படுவதற்கே ஒருவருக்கு முதலில் கல்லறை வேண்டும். 1896-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆனால் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பலருக்கு முன்னோர் மண் என்று காட்ட ஓரிடம் இல்லை, அதனாலேயே அவர்கள் ‘யாரோ’வாக நிற்கிறார்கள். கொள்ளைநோயில் இறந்தவர்கள் கதையும் இதை ஒட்டியதே. 2017-இல் 200-க்கு மேற்பட்டோரைப் பிளேக் பலிகொண்டபோது, திறந்து மூடும் குடும்பக் கல்லறைகளில் அவர்களை வைக்கக் கூடாது என்ற சுகாதார விதி உறவினர்களுக்கு இரண்டாவது சாவாக இருந்தது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் வெளியான இனவரைவியல் நூல்களை நம்பியிருக்கிறது. கட்டுரையாளர் நேரில் பார்த்தது அன்ட்சிராபே அருகே நடந்த ஒரே ஒரு ஃபமதிஹானாவைத்தான். அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

ஏன் மூன்றும் ஒரே அமர்வில்?

பல பண்பாடுகளை அடுக்கி வைத்து ‘பார், எங்கும் ஒன்றே’ என்று முடிக்கும் ஒப்பீடு எங்களுக்கு உவப்பானதல்ல. எல்லா மதங்களின் வேரும் முன்னோர் வழிபாடே என்று ஹெர்பர்ட் ஸ்பென்சர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்னது அப்படித்தான் வந்தது. அதனால் மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம்: கடைசியாகப் பெயர் சொல்லப்படுபவர் யார், செலவு யாருடையது, வெளியே நிற்பவர் யார்? பதில்கள் முரண்படும் இடங்களே விவாதத்துக்கு நல்லவை. உதாரணமாக, கொரியாவில் கோட்டைத் தாண்டியவர் குலத்தின் பொது முன்னோர் ஆகிறார். மடகாஸ்கரில் பொதிக்குள் கரைகிறார். நெல்லையில் கோட்டுக்குள் வராதவளே தெய்வமாகிறாள். மூன்றாவது விஷயத்தில் கட்டுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. கன்னியை ‘முன்னோர்’ என்று சொல்லவே கூடாது, அவளுக்கு வழித்தோன்றல் இல்லையே என்கிறார் கொரியக் கட்டுரையாளர். அதை மேடையிலேயே பேசிக்கொள்வதாக ஏற்பாடு.

அமர்வு நடத்தும் முறை

தொடக்கவுரை 5 நிமிடம், ஒவ்வொரு கட்டுரைக்கும் 18 நிமிடம், கருத்துரை 10 நிமிடம், மீதி 21 நிமிடமும் அவைக்கு. கருத்துரையாளராக நடுகல் கல்வெட்டுகளில் பல ஆண்டுகள் உழைத்த ஓய்வுபெற்ற தொல்லியலாளர் ஒருவர் இசைந்திருக்கிறார். நவம்பர் முதல் வாரத்தில் முழுக் கட்டுரைகள் அவர் கைக்குப் போய்விடும்.

படம் காட்டும் கருவியும் ஒலிபெருக்கியும் வேண்டும். மூன்றாவது கட்டுரையில் இறந்த உடல்களின் படங்கள் எதையும் காட்டப் போவதில்லை. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிய ஒலிப்பதிவு மட்டும் நான்கு நிமிடம் ஒலிக்கும். முதல் கட்டுரையில் வரும் பெட்டிகளில் ஒன்றை அந்த வீட்டார் மாநாட்டுக்குக் கொண்டுவரச் சம்மதித்தார்கள், பிறகு கன்னியிடம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே காட்சிமேசை தேவைப்படாது.

மதிய உணவுக்கு முந்தைய நேரத்தில் அமர்வை ஒதுக்கினால் நல்லது. இரண்டாவது கட்டுரையாளர் அன்றிரவே திரும்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
அமர்வு ஒருங்கிணைப்பாளர்