தூக்குச் சட்டி

அப்பா இறந்த மூன்றாம் நாள் விடிகாலையில் வாசல் கதவைத் திறந்தபோது திண்ணையில் ஒரு தூக்குச் சட்டி இருந்தது. மூடிமேல் ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. தெருவில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு நடை விளக்கு அப்போதுதான் அணைந்தது.

மூடியைத் திறந்தேன். சுக்கு வாசனை. கருப்பட்டி போட்ட தேநீர்.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பா அரசு பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருடம் பெரும்பாலும் காலை முதல் டிரிப். திருநெல்வேலிக்கு ஐந்து பத்துக்கு வண்டி எடுக்க வேண்டும் என்றால் வீட்டிலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும். அதனால் அம்மா நான்கு மணிக்கு எழுந்து தேநீர் போடுவாள். அப்பா ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆன பிறகும் அந்த நான்கு மணி மாறவில்லை. எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமலேயே இரண்டு பேரும் எழுந்து, ஒருவர் ஆற்ற, ஒருவர் குடித்தார்கள்.

இப்போதும் நான்கு மணிக்கு அம்மா எழுந்துவிடுகிறாள். அடுப்படிக்குப் போகவில்லை. நடையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். அண்ணனின் மாமியார் வீட்டிலிருந்து இட்லியும் சாம்பாரும் எட்டு மணிக்கு வரும். நான்கு மணிக்கு எழுகிறவளுக்கு எட்டு மணி என்பது உச்சிப்பொழுது மாதிரி.

தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு நாட்களாகத் தண்ணீரையே கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்திருந்தோம். வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள்.

"இனிப்பாக இருக்கிறது" என்றாள்.

ஒன்பது வருடமாக எங்கள் வீட்டுத் தேநீரில் இனிப்பு கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே அம்மாவும் நிறுத்திவிட்டாள். அவருக்குத் தனியாக, தனக்குத் தனியாக என்று போடுவது அவளுக்கு ஏதோ துரோகம் மாதிரி. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

மறுநாள் நான் முன்னதாகவே எழுந்துவிட்டேன். நாலே கால் இருக்கும். கோமதி அத்தை எங்கள் நடைக் கம்பிக் கதவைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். நலம் விசாரிக்கவில்லை, தலையசைக்கக்கூட இல்லை. புதுச் சட்டியைத் திண்ணையில் வைத்தாள், கழுவிக் கவிழ்த்திருந்த பழைய சட்டியை எடுத்துக்கொண்டாள், போய்விட்டாள்.

கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது "வருகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை. மறுபடி இப்படி ஒரு காரியத்துக்கு வருவதாக அர்த்தமாகிவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்துவிடுவார்கள். அத்தையும் அதனால்தான் பேசவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவள் வரும்போதும் பேசவில்லையே.

மற்றவர்கள் பேசினார்கள். கேதம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்படி ஆயிற்று?" ராத்திரி பத்தரைக்கு நெஞ்சு கரிக்கிறது என்றார், வெந்நீர் கேட்டார், அம்மா கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். நான் ஊரில் இல்லை, திருப்பூரிலிருந்து விடிந்துதான் வந்து சேர்ந்தேன்; ஆனாலும் கூடவே இருந்தவள் போலச் சொல்லப் பழகிவிட்டேன். ஐந்தாம் நாளில், எந்த இடத்தில் எதிரே இருப்பவர் உச்சுக்கொட்டுவார் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தவும் செய்தேன். நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் வெந்நீர் என்ற வார்த்தை வரும்போது அம்மா முந்தானையை முறுக்குவாள்.

பதினாறாம் நாள் முடிந்தது. அண்ணன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைச் சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனான். நான் விடுப்பை நீட்டிக்கொண்டேன். மதியச் சமையலை நான் செய்தேன். அம்மா காய் நறுக்கித் தருவாள், ஆனால் அடுப்படி நிலைப்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான். அத்தையின் தூக்குச் சட்டி பதினேழாம் நாளும் வந்தது. இருபதாம் நாளும் வந்தது.

அப்போது கார்த்திகை பிறந்து மழை பிடித்திருந்தது. கோமதி அத்தைக்கு அப்பளம் இடுகிற வேலை. எங்கள் ஊர் அப்பளத்துக்குப் பேர் போனது. உளுந்து மாவை வீட்டுக்கு வாங்கிவந்து, உருட்டித் தேய்த்துக் கொடுத்துக் கூலி வாங்குகிற பெண்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. மழைக்காலத்தில் அப்பளம் காயாது. ஊசிப்போகும். மாவு தரமாட்டார்கள். மாவு இல்லை என்றால் கூலி இல்லை. கணவரும் இல்லை, மகள் தூத்துக்குடியில். அவள் வீட்டுக்குப் பால் எவ்வளவு வாங்குவாள் என்று எனக்குத் தெரியும், கால் லிட்டர். இப்போது தினமும் அரை லிட்டர் வாங்குகிறாள் என்று பால்காரர் வாய்விட்டுச் சொன்னார்.

எனக்கு அது உறுத்தியது. கழுவிய சட்டிக்குள் இருநூறு ரூபாய் நோட்டு ஒன்றை மடித்துப் போட்டு மூடினேன்.

மறுநாள் கொட்டுகிற மழை. உளுந்துச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அத்தை வந்தாள். சட்டியை வைத்தாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். நனையாமல் இருந்தது. மூடிமேல் வைத்து, பறந்துவிடாமல் தம்ளரை அதன்மேல் கவிழ்த்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அம்மா எல்லாவற்றையும் தூணடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் செய்தாய்?" என்றாள்.

"பாலுக்குத்தானே அம்மா."

"கேத வீட்டிலிருந்து பாத்திரம் வெறுமனேதான் போக வேண்டும். அதுகூடத் தெரியாதா உனக்கு?"

தெரியும். மற்ற நாட்களில் இதற்கு நேர் எதிர். யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஒரு பிடி சீனியோ, இரண்டு வாழைக்காயோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எங்களுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவே அப்படி எத்தனை கிண்ணம் போய்வந்திருக்கும்! அவள் பெரும்பாலும் கேட்பது பிரண்டை. எங்கள் பின்சுவரில் படர்ந்து கிடக்கும். அதன் சாற்றை மாவில் சேர்த்தால்தான் அப்பளம் பொரியும் என்பாள்.

அன்றைக்கு மழையால் யாரும் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அத்தை வீட்டு மாமா இறந்தபோது நீயும் இப்படிக் கொண்டுபோனாயா?"

அம்மா வெகுநேரம் பதில் சொல்லவில்லை.

"நான் சோறு கொண்டுபோனேன். போய் உட்கார்ந்து பேசினேன். தினமும் ஒரு மணி நேரம். தைரியமாக இருங்கள் மதினி என்றேன். பிள்ளைக்காகவாவது சாப்பிடுங்கள் என்றேன். எங்கள் பெரியப்பா செத்த கதை, சித்தி செத்த கதை எல்லாம் சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு." சற்று நிறுத்தினாள். "ஒருநாள் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குக் கோபம். ஒரு மாதம் பேசவில்லை."

அதற்குமேல் அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அடுப்படிக்கும் அத்தை வீட்டு அடுப்படிக்கும் ஒரே பொதுச்சுவர். நான் அடுப்படித் தரையில் பாயை விரித்துப் படுத்தேன். நான்கு மணிக்கு அந்தப் பக்கம் விளக்குப் போடும் சொடுக்குச் சத்தம். தீக்குச்சி உரசல். ஏதோ இடிபட்டது, சுக்காக இருக்கும். பிறகு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றுகிற சத்தம். இத்தனையும் துல்லியமாகக் கேட்டது. அப்படியென்றால் முப்பது வருடமாக எங்கள் சத்தமும் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அம்மா ஆற்றியதும், அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடியதும். அது நின்ற காலையும் கேட்டிருக்கும்.

முப்பதாம் நாளை ஒட்டி மழை விட்டது. இரண்டு நாள் சுள்ளென்று வெயில். கொடியில் கிடந்த துணிகள் விறைத்தன. எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து யாரோ அப்பளம் பரப்பியிருந்தார்கள்.

மாலையில் அம்மாவைக் காணோம். பின்கட்டில் இருந்தாள். கையில் அரிவாள்மணை இல்லை, வெறும் கைதான்; இளசாகப் பார்த்துப் பிரண்டையை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் யாரும் தொடாததால் கொடி சுவரேறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

"கை அரிக்குமே அம்மா. நல்லெண்ணெய் தடவிக்கொண்டாயா?"

"அரிக்கட்டும்."

கழுவித் துடைத்த தூக்குச் சட்டியில் பிரண்டையை அடுக்கினாள். மூடினாள். சட்டியின் கழுத்தில் 'பெ. கோமதி' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அதை ஒருமுறை விரலால் தடவினாள். தானே கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தாள். வைத்த பிறகும் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நின்றாள், எடுத்துவிடலாமா என்று யோசிப்பவள் போல.

மறுநாள் நாலே காலுக்கு அத்தை வந்தாள். அம்மா தூணடியில். நான் நிலைப்படியில். தேநீரை வைத்துவிட்டுப் பழைய சட்டியைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது. கனம் வேறாக இருந்திருக்கும்.

மூடியைத் திறந்து பார்க்கவில்லை. சட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள். கம்பிக் கதவு வரை நடந்து, அங்கே திரும்பினாள்.

"வருகிறேன் மதினி" என்றாள்.

அம்மாவுக்கு உடனே குரல் வரவில்லை. எழுந்து நின்றாள்.

"வாருங்கள்" என்றாள்.

அதற்கு மறுநாள் திண்ணையில் ஒன்றும் இல்லை. தெரிந்தும் நாலே காலுக்குக் கதவைத் திறந்து பார்த்தேன். பின்னால் அடுப்படியில் விளக்கு எரிந்தது. டப்பாக்களைத் திறந்து திறந்து மூடும் சத்தம்.

"இந்த வீட்டில் கருப்பட்டி என்று ஒன்று இல்லவே இல்லையா?" என்று உள்ளிருந்து அம்மா கேட்டாள். "விடிந்ததும் கடைக்குப் போய்க் கால் கிலோ வாங்கிவா. உடன்குடிக் கருப்பட்டிதானா என்று கேட்டு வாங்கு. இன்றைக்கு இப்படியே குடி."