சாயங்கால நினைவூட்டல்: வயலின், மோகன வர்ணம்

திங்கள், 6.15
கண்ணு, வயலினை எடுத்தாச்சா? வாசித்து முடித்ததும் எனக்கு இரண்டே விஷயம் அனுப்பு: எத்தனை நிமிடம், இன்றைக்கு எந்த இடம் ரொம்பப் படுத்தியது. சுருதி சேர்த்தது, ரோசின் தேய்த்தது, நடுவில் முறுக்கு தின்றது எதுவும் கணக்கில் வராது. வில் தந்தியில் பட்ட நேரம் மட்டும்.

செவ்வாய், 6.15
நேற்று 20 நிமிடம், குறித்துக்கொண்டேன். "வர்ணமே கஷ்டம்" என்று எழுதியிருக்கிறாய். அம்மிணி, அதை வைத்து நான் என்ன செய்ய? பல்லவியா, அனுபல்லவியா, முத்தாயி ஸ்வரமா? இன்றைக்கு இடறுகிற வரியைப் பென்சிலால் சுழித்து, போட்டோ அனுப்பு.

புதன், 6.15
25 நிமிடம். முத்தாயி ஸ்வரம், இரண்டாம் காலம். சரி, பிடி கிடைத்தது. மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் கிடையாது, அதனால் இரண்டு இடத்தில் தாண்ட வேண்டியிருக்கிறது. காந்தாரத்துக்கு அப்புறம் பஞ்சமம்: வில் அடுத்த தந்திக்குச் சாய வேண்டும். தைவதத்துக்கு அப்புறம் மேல் சட்ஜம்: ஒன்றாம் விரல், உடனே மூன்றாம் விரல். இதில் எது? முதல் காலத்தில் ஐந்து நிமிடம் அதை மட்டும் வாசித்துப் பார்த்துச் சொல்.

வியாழன், 6.15
18 நிமிடம். குறைந்ததற்குத் திட்டமாட்டேன். சோமனூரில் பக்கத்து வீட்டுத் தறி ஓடும்போது சுருதிப் பெட்டி சத்தம் எங்கே கேட்கும்! தறி நிற்கிற நேரம் பார்த்து வாசி.
"மேல் சட்ஜம் இறங்கிப் பேசுகிறது" என்று எழுதினாய் பார், இப்படித்தான் எழுதணும். மூன்றாம் விரலில் மேல் சட்ஜத்தைப் பிடித்தபடி, பக்கத்தில் இருக்கும் சட்ஜத் தந்தியையும் சேர்த்து இழு. சரியாக விழுந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே குரலாகக் கேட்கும். ஒட்டாமல் அலை அடித்தால், விரலைக் குதிரைப் பக்கம் நூலளவு தள்ளு.

வெள்ளி, 6.15
நேற்றுக் கணக்கு வரவில்லையே? வாசிக்கவில்லை என்றால் 0 என்று அனுப்பு. ஊர் நோம்பிக்குப் போயிருந்தால் அதையும் எழுது, தப்பில்லை. சும்மா 30 என்று போட்டால் மட்டும் நாளைக்கு வில்லே காட்டிக் கொடுத்துவிடும்.

சனி, காலை 7.30
வியாழன் 0, வெள்ளி 32. ஐந்து நாளும் சேர்த்து 95 நிமிடம். நேற்றைய பதில்: "ஏறும்போது சட்ஜம் சரியாயிடுச்சு டீச்சர், இறங்கும்போது தைவதம் வழுக்குது." ஒன்றாம் விரலைத் தந்தியிலிருந்து எடுத்துவிடுகிறாய் என்று நினைக்கிறேன், வகுப்பில் முதல் வேலை அதுதான். 10 மணிக்கு வா. வில்லைத் தளர்த்தி வைத்து எடுத்து வா, போன வாரம் மாதிரி முறுக்கியபடியே பெட்டியில் போட்டுவிடாதே.