உச்சி வெயில்

யங்கோன். அனவ்ரதா தெருவில் காளி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேநீர்க் கடை. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. குட்டை முக்காலிகளில் இரண்டு நண்பர்கள்.

முருகேசன்: நிழலில் உட்கார்ந்து தொப்பியோடு தேநீர் குடிக்கிறவனை இன்றுதான் பார்க்கிறேன். கழற்றடா.

சேகர்: இதோ, பார்த்துக்கொள். தங்கையின் நிச்சயதார்த்தப் படங்கள் நேற்று வந்தன. மாடியிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். கூட்டத்தின் நடுவில் பளபளவென்று ஒரு வட்டம். யார் இந்தப் பெரியவர் என்று யோசித்தேன். சட்டையைப் பார்த்த பிறகுதான் நான் என்று தெரிந்தது.

முருகேசன்: முன்னால் இருந்து பார்த்தால் அவ்வளவு தெரியவில்லை.

சேகர்: முன்னால் சீவி மறைத்திருக்கிறேன். வலப்பக்கத்து முடியை இடப்பக்கத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். காற்றடித்தால் கடன் திரும்பிவிடுகிறது. அடுத்த மாதம் தண்ணீர்த் திருவிழா. முதல் வாளித் தண்ணீர் விழுந்ததுமே எல்லாம் வெட்டவெளிச்சம்.

முருகேசன்: மருத்துவரிடம் போனாயே, என்ன ஆயிற்று?

சேகர்: 5 சதவீத மினாக்சிடில் கொடுத்தார். காலையும் இரவும் தடவ வேண்டும். முதல் சில வாரங்களில் இன்னும் கொட்டும், பயப்படாமல் நான்கைந்து மாதம் பொறுங்கள் என்றார். கொட்டும் என்று சொன்னது மட்டும் சொன்னபடியே நடந்தது.

முருகேசன்: இப்போதும் தடவுகிறாயா?

சேகர்: இரண்டாம் மாதமே விட்டுவிட்டேன். எப்போது நிறுத்தினாலும், மருந்தால் நின்ற முடி மறுபடி போய்விடுமாம். ஆயுள் சந்தா கட்டுவது போல மாதாமாதம் வாங்க வேண்டும்.

முருகேசன்: பாதியில் விட்டவன் மருந்தைக் குறை சொல்லக்கூடாது.

சேகர்: குறை சொல்லவில்லை. எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அம்மாவோ வாராவாரம் கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சுகிறாள். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே வட்டம், இதே உச்சி. பரம்பரையாக வருகிற சொட்டையில் ஆண் ஹார்மோனால் மயிர்க்கால்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன என்று மருத்துவர் விளக்கினார். அம்மாவிடம் அதைச் சொன்னால், சாம்பிராணி போட மறந்ததுதான் காரணம் என்கிறாள்.

முருகேசன்: அப்படியானால் மொட்டை போட்டுவிடு. மறைக்கிற வேலையாவது மிச்சம்.

சேகர்: எனக்கும் ஆசைதான். ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது திடீரென்று மொட்டையோடு கோயில் பக்கம் போனால், நம் ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டு “எப்போது நடந்தது?” என்பார்கள். பக்கத்து வீட்டு பர்மியர்களோ, மடத்தில் எத்தனை நாள் துறவியாக இருந்தாய் என்று கேட்பார்கள். இருக்கிற ஒரு தலைக்கு இரண்டு விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

முருகேசன்: ஒரேயடியாக வழிக்க வேண்டாமே. இரண்டாம் எண் போட்டு மெஷினால் ஒட்ட வெட்டச் சொல். சுற்றியுள்ள முடி குட்டையானால் நடுவில் உள்ள வெற்றிடம் இவ்வளவு துலங்காது. நீ நீளமாக வைத்திருப்பதால்தான் அது கண்ணில் படுகிறது.

சேகர்: என் மண்டை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பின்பக்கம் மாமரத்திலிருந்து விழுந்த தழும்பு வேறு.

முருகேசன்: தழும்பு உனக்குத் தெரியப்போவதில்லை. பின்னால் நிற்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும். வெயிலுக்குத்தான் யோசிக்க வேண்டும். சன்ஸ்கிரீன் தடவாமல் இந்தத் தெருவில் நடந்தால் உச்சி வெந்துவிடும்.

சேகர்: பர்மியர்களைப் போல தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொள்கிறேன். கன்னத்தில் இரண்டு வட்டம், தலையில் ஒரு வட்டம்.

முருகேசன்: சிரிக்காதே. உன் பையனுக்கு முதல் மொட்டை எப்போது?

சேகர்: அடுத்த ஞாயிறு. பீலிக்கான் அங்காளபரமேஸ்வரி கோயிலில்.

முருகேசன்: பிறகென்ன? பையன் பக்கத்தில் நீயும் உட்கார்ந்துவிடு. அப்பனும் மகனும் சேர்ந்து நேர்த்திக்கடன் கொடுத்தார்கள் என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பர்மியர்களுக்கும் புரியும்; பிள்ளைகளுக்குத் தலைமழித்துத் துறவுக்கோலம் போட்டுப் பழகியவர்கள்தானே.

சேகர்: நான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லையே.

முருகேசன்: இப்போது நேர்ந்துகொள். காளி கோயில் கோபுரம் இங்கிருந்தே தெரிகிறது.

சேகர்: (சிறிது நேரம் கோபுரத்தைப் பார்த்துவிட்டு) சரி, ஒன்று சொல். கோயிலில் போட்ட மொட்டை ஒரு மாதத்தில் முளைத்துவிடுமே. அப்போது மறுபடி இதே கேள்விதானே?

முருகேசன்: முளைக்கிற இடத்தில் முளைக்கும். அதற்குள் கண்ணாடியில் முப்பது நாள் பார்த்திருப்பாய். மண்டை பிடித்திருந்தால் வழித்துக்கொண்டே இரு. பிடிக்காவிட்டால் வளர்த்து இரண்டாம் எண். எதுவானாலும் அந்தக் கடன் வாங்கிய சீவல் மட்டும் வேண்டாம், கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

சேகர்: அம்மா என்ன சொல்வாளோ.

முருகேசன்: அங்காளம்மாவுக்கு நேர்ந்துகொண்டேன் என்று சொல். அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

சேகர்: நீயும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாய். வண்டிச் செலவு உன்னுடையது.

முருகேசன்: வருகிறேன். தொப்பியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.