சாப்பிட்டேன்மா

1/8
ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா போன் பண்ணி "சாப்பிட்டியா" என்று கேட்கிறார். மெஸ் சப்பாத்தி தட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது, நீங்கள் "சாப்பிட்டேன்மா" என்று சொல்லிவிட்டு போனை வைக்கிறீர்கள்.

எங்கள் அறையிலும் இது நடக்கிறது.

2/8
ஒரு நாள் என்றால் சரி, அலுப்பு, ஷிஃப்ட், பீரியட்ஸ், என்னவாகவும் இருக்கலாம். ஆனால் ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பா ரெண்டு வாரமாகத் திறக்காமலே கிடக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதற்கப்புறம் தூக்கமே இல்லை, தலைக்குக் குளிப்பது மலையைப் புரட்டுகிற வேலையாகத் தெரிகிறது, முன்பெல்லாம் சிரித்த வாட்ஸ்அப் குரூப்பை இப்போது மியூட்டில் போட்டிருக்கிறீர்கள் என்றால், அதை யாரிடமாவது சொல்லலாம்.

இன்னும் மோசமாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

3/8
இதற்கு என்ன பெயர் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை.

போன வருஷம் "இந்த 7 இருந்தால் உங்களுக்கு இதுதான்" என்று ஒரு போஸ்ட் போட்டோம். பக்கத்து அறைப் பெண் ஏழுக்கும் டிக் அடித்து, தனக்கு இன்ன நோய் என்று தானே முடிவு கட்டி, பயந்துபோய் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. போஸ்ட்டை அழித்துவிட்டோம், அவளிடம் மன்னிப்பும் கேட்டோம். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும்கூட உடம்பு இப்படித்தான் சோர்ந்து போகும். எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நாங்கள் வேளச்சேரி ஹாஸ்டலில் இருக்கும் மூன்று பேர், அதில் ஒருத்தி அக்கவுண்ட்ஸ்.

4/8
14416

டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும், அப்புறம் பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவார், தேவைப்பட்டால் மருத்துவரிடம் இணைப்பார்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா? "தூக்கம் வரல, யார்கிட்டயாவது பேசணும்னு தோணுச்சு" என்றாலே போதும்.

தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம்.

5/8
"கீழ்ப்பாக்கம் கேஸ்."

நாம் எல்லோருமே ஒரு தடவையாவது இதைச் சொல்லிச் சிரித்திருப்போம், நான் காலேஜில் நிறையவே சொல்லியிருக்கிறேன். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது. அங்கே புறநோயாளிப் பிரிவும் இருக்கிறது, மற்ற ஆஸ்பத்திரி மாதிரியே டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வரலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள்.

ஆபீஸுக்கோ வீட்டுக்கோ தெரிந்துவிடுமோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும்.

6/8
ரூம்மேட்டுக்கு:

"எல்லாம் சரியாயிடும், பாசிட்டிவா இரு" வேண்டாம். "உனக்கு டிப்ரஷன்டி, நான் ரீல்ஸ்ல பார்த்தேன்" வேண்டவே வேண்டாம்.

"ரெண்டு நாளா தட்டை அப்படியே வச்சுடறியே, என்னடி ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் உட்காருங்கள். அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு டீ வாங்கி வந்து கொடுங்கள், நாளைக்குத் திரும்பவும் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்று சொன்னால் நிஜமாகவே லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

7/8
இருக்கவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி யாராவது பேசினால், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். கூடவே இருந்து 14416-க்குப் போடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் 108, வார்டனையும் எழுப்புங்கள், அவர் கோபப்பட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படித் தோன்றினால், இப்போதே பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்புங்கள்.

8/8
எங்கள் இன்பாக்ஸுக்கு எழுதலாம், படிப்போம். ஆனால் நாங்கள் ஆலோசகர்கள் இல்லை, ராத்திரி பதினொன்றுக்கு மேல் பார்க்கவும் மாட்டோம். அந்த நேரத்தில் எங்கள் பதிலுக்காகக் காத்திருக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டுமென்றால் நாலாவது ஸ்லைடை எடுங்கள்.

கேப்ஷன்:
முதல் ஸ்லைடில் இருப்பது என் தட்டு. அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் பொய்தான். ஒரு நாள் வாய் தவறி "இல்லம்மா, சாப்பிடப் பிடிக்கல" என்று வந்துவிட்டது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "சரி, நாளைக்கு பஸ் ஏறட்டுமா?" என்றார். ஏறியும் விட்டார், ரெண்டு டப்பா இட்லிப் பொடியோடு. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கவும் அவர்தான் கூட வந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்பது இங்கே எழுத வேண்டிய விஷயம் இல்லை, அது எனக்கு மட்டும் சொன்னது.