பத்தைக் கட்டு, மிச்சத்தை எண்ணு: இரண்டாம் வகுப்பு இடமதிப்புப் பாடம்

வகுப்பில் 24 குழந்தைகள். மூன்று பேராக எட்டுக் குழு. குழுவுக்கு 45 ஈர்க்குச்சியும் 5 ரப்பர் பேண்டும் போதும். குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கூரான முனைகளை முன்னாலேயே ஒடித்துவிடுங்கள்.

கட்டுகளை நாம் கட்டிக்கொண்டு போகக் கூடாது. பாடமே அதில்தான் இருக்கிறது. குழுவுக்கு 23 குச்சியை எண்ணாமல் அள்ளித் தருவதுபோல் கொடுத்து, "எத்தனை இருக்கு? பத்துப் பத்தாக் கட்டிட்டுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். சில கட்டில் ஒன்பது இருக்கும், சிலதில் பதினொன்று இருக்கும். பக்கத்துக் குழுவிடம் கொடுத்து அவிழ்த்து எண்ணச் சொல்லுங்கள். கட்டுக்குள் பத்து குச்சி இருப்பதைக் கையால் அறிந்த குழந்தைக்குத்தான் 23இல் இருக்கும் 2 என்பது இருபது.

சாக்பீஸால் தரையில் இரண்டு கட்டம் போடுங்கள். இடது பக்கம் கட்டுகள், வலது பக்கம் உதிரிக் குச்சிகள். மூவரும் கட்டத்தின் ஒரே பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்த பிள்ளைக்கு 23, 32ஆகத் தெரியும். கட்டத்துக்குக் கீழே எண்ணை எழுதுவது இதற்கு அப்புறம்தான்.

"இருபத்து மூன்று" என்றதும் சிலர் 203 என்று எழுதுவார்கள். இருபதையும் மூன்றையும் காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறார்கள். அழிக்கச் சொல்லாதீர்கள். "எத்தனை கட்டு? எத்தனை உதிரி?" என்று மட்டும் கேளுங்கள், அவர்களே திருத்துவார்கள்.

மறுநாள் 30 வையுங்கள். உதிரிக் கட்டம் காலி. அந்தக் காலியைச் சொல்லத்தான் 0 எழுதுகிறோம் என்பதைக் கட்டத்தைக் காட்டியே சொல்லுங்கள். பிறகு 32 வைத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள்: 2 கட்டு, 12 உதிரி. "குச்சி குறைஞ்சதா?" என்று கேட்டு, வகுப்பு ஒத்துக்கொள்ளும்வரை எண்ண விடுங்கள். கடன் வாங்கிக் கழித்தலுக்கு இதுதான் அடித்தளம், அவசரப்பட வேண்டாம்.

பயிற்சித் தாள்

▮ என்றால் பத்துக் குச்சிக் கட்டு. | என்றால் ஒரு குச்சி.

அ. கோடு போட்டுப் பொருத்து. ஒரு எண்ணுக்கு இரண்டு கோடு வரும். ஒரு எண்ணுக்குக் கோடே வராது!

| படம் | எண் |
|---|---|
| 1. ▮▮▮ ❘❘ | 40 |
| 2. ▮▮ ❘❘❘ | 14 |
| 3. ▮▮▮▮ | 23 |
| 4. ▮ ❘❘❘❘ | 32 |
| 5. ▮▮ ❘❘❘❘❘ ❘❘❘❘❘ ❘❘ | 41 |

ஆ. கோடு வராத எண்ணுக்கு நீயே படம் வரை.

இ. மீனாவிடம் 2 கட்டும் 13 உதிரிக் குச்சியும் இருக்கின்றன. அவள் இன்னொரு கட்டு கட்டினாள். இப்போது எத்தனை கட்டு, எத்தனை உதிரி? எண்ணை எழுது.

ஈ. 27, 72: இரண்டையும் வரை. எதில் கட்டு அதிகம்? அதை வட்டமிடு.

ஆசிரியருக்கு விடைகள்

அ: 1–32, 2–23, 3–40, 4–14, 5–32. ஆ: 41, நான்கு கட்டு, ஒரு குச்சி. இ: 3 கட்டு, 3 உதிரி, 33. ஈ: 72. ஐந்தாவது படத்தில் தடுமாறும் பிள்ளைக்குத் தாளை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி குச்சிகளைக் கொடுங்கள்.