ஒன்பதாம் வகுப்பு கணிதம்: காலாண்டிலிருந்து அரையாண்டுக்கு யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள்

தலைமையாசிரியருக்கும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும், பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கூட்டத்துக்காக.

காலாண்டில் 76 சதவீதம் தேர்ச்சி, அரையாண்டில் 74. எண்ணிக்கையில் 90 பேர் 87 ஆகியிருக்கிறார்கள். மூன்று பேர்தானே என்று விட்டுவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்புறம் மதிப்பெண் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராக இரண்டு தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்த அட்டவணை இது. மூன்று பிரிவுகளிலும் சேர்த்து, இரண்டு தேர்வையும் எழுதிய 118 பேர் மட்டும் இதில் இருக்கிறார்கள்.

| காலாண்டில் இருந்த கிரேடு | மொத்தம் | ஏறியவர் | அதே கிரேடு | இறங்கியவர் |
|---|---|---|---|---|
| ஏ (80–100) | 16 | — | 11 (69%) | 5 (31%) |
| பி (60–79) | 30 | 6 (20%) | 17 (57%) | 7 (23%) |
| சி (35–59) | 44 | 8 (18%) | 22 (50%) | 14 (32%) |
| டி (35க்குக் கீழ்) | 28 | 12 (43%) | 16 (57%) | — |
| எல்லாரும் | 118 | 26 (22%) | 66 (56%) | 26 (22%) |

குறுக்கு வாட்டில் படிக்கவும். ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாக 100. ஏ-வுக்கு மேலே ஏற இடமில்லை, டி-க்குக் கீழே இறங்க இடமில்லை. அதனால்தான் அங்கே கோடு. ஏ வரிசையில் ஒரு பிள்ளை மாறினாலே ஆறு சதவீதம் மாறிவிடும். அந்த 31-ஐப் பார்த்துப் பதற வேண்டாம்.

கடைசி வரியைப் பாருங்கள். ஏறியவர் 26, இறங்கியவர் 26. ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் 35 என்ற கோட்டில் மட்டும் 27 பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிருக்கிறார்கள். டி-யிலிருந்து 12 பேர் தப்பித்து மேலே வந்தார்கள். சி-யிலிருந்து 14 பேரும் பி-யிலிருந்து ஒரு பெண்ணும் கீழே விழுந்தார்கள். தேர்ச்சி சதவீதத்தில் தெரிந்தது இதன் மிச்சமான மூன்றுதான். காலாண்டுப் பட்டியலை வைத்துக்கொண்டே மாலை வகுப்பு நடத்தினோம் இல்லையா? அதில் இந்தப் பதினைந்து பேரில் ஒருவர்கூட இல்லை.

சி வரிசைதான் என்னை உறுத்துகிறது. இறங்கிய 14 பேரில் 9 பேர் காலாண்டில் 35-க்கும் 40-க்கும் நடுவே இருந்தவர்கள். ஒரு பையன் 36-லிருந்து 33. மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு கிரேடு போய்விட்டது. இன்னொரு பையன் 58-லிருந்து 36-க்கு வந்திருக்கிறான். 22 மதிப்பெண் போயும் அட்டவணையில் அவன் 'அதே கிரேடு'. அட்டவணையின் குறை இது. அவன் பெயரை நானே பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

மழையைச் சொல்வார்கள், சரிதான். நவம்பரில் வாய்க்கால் வழிந்து ரோட்டில் தண்ணீர் நின்ற நாட்களில் தெற்கே உள்ள ஊர்களின் டவுன் பஸ் வரவில்லை. இறங்கிய 14 பேரில் 8 பேர் அந்த பஸ்ஸில் வருகிறவர்கள். ஆனால் டி-யிலிருந்து ஏறிய 12 பேரில் 5 பேரும் அதே பஸ்தான். மழை மேல் மட்டும் பழியைப் போட முடியாது. விடைத்தாள்களைப் புரட்டினால் வேறொன்று கண்ணில் படுகிறது: காரணிப்படுத்துதல் கேள்வியை 14 பேரில் 11 பேர் தொடவே இல்லை. தொட்ட மூவரும் நடு உறுப்பைப் பிரிக்கும் இடத்தில் குறியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அரையாண்டுக்குப் பாடப்பகுதி அதிகம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். காலாண்டின் 40-ம் அரையாண்டின் 40-ம் ஒரே கனமில்லை.

அரையாண்டு எழுதாத 6 பேர் அட்டவணையில் இல்லை. அவர்களில் 4 பேர் காலாண்டில் டி. எழுதியிருந்தால் டி வரிசையின் 43 சதவீதம் குறைந்திருக்கவும் கூடும். அந்த எண்ணைப் பெரிய சாதனையாக எங்கும் சொல்ல வேண்டாம்.

மாலை வகுப்புக்குப் புதுப் பட்டியல்: இப்போது டி-யில் இருக்கும் 31 பேர், அரையாண்டு எழுதாத 6 பேர், 58-லிருந்து 36-க்கு வந்த பையன், ஆக 38 பேர். மேலே வந்த 12 பேரை உடனே நிறுத்த வேண்டாம். வாரம் ஒருநாள் வரட்டும். முதல் வாரம் முழுக்கக் காரணிப்படுத்துதல் மட்டும். பொங்கல் முடிந்தால் சம்பா அறுவடை தொடங்கிவிடும், சில பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள். அதனால் வகுப்பாசிரியர்கள் இந்த 38 பெயர்களுக்கும் நவம்பர், டிசம்பர் வருகை நாட்களை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுத்தால், யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.

— ஒன்பதாம் வகுப்பு கணித ஆசிரியர்